ஆளுக்கொரு இங்கிலீசுச் சொல்

இதை வாசிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்னும் தடுமாறுவேன். எழுத்தும் கோணல். வாசிக்க முடியாத கையெழுத்துக்கு இங்கிலீசில் ஒரே ஒரு சொல் உண்டாம்: இல்லெஜிபிள். அந்தச் சொல்லை மறக்காமல் இருக்க என் மருமகள் நினைத்துக்கொண்ட ஆள் நான்தான். ஆஸ்பத்திரியில் நான் கையெழுத்துப் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தாளாம். "கோவிச்சுக்காதீங்க மாமா, இனி அந்தச் சொல்லு எனக்கு மறக்கவே மறக்காது" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. இங்கிலீசில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள். வீட்டுக்கு ஒரு காம்பிரா, அதாவது ஒரே ஓர் அறை, ஒரு சமையல் மூலை. காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் நடுவில் சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் திறந்தே இருக்கும். அடுத்த வீட்டில் வெங்காயம் வதக்கினால் நமக்குக் கண் எரியும். நான் வாய் திறக்காத மனிதனாக ஆனதற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

இடுப்பு வலி வந்த பிறகு என்னை மலை வேலையிலிருந்து எடுத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் போட்டார்கள். அதைச் செய்து கொடுத்தவர் எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர். என் மனைவி முழங்கால் தேய்ந்து வேலையிலிருந்து நின்றுவிட்டாள். மகனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தங்குவதும் கடை மாடியில்தான். ஆக, கலியாணமான நாளிலிருந்து மருமகள் எங்களோடுதான் இருந்தாள். கந்தப்பளைப் பெண். உயர்தரம் பாஸ் பண்ணியவள்.

தோட்டத்தில் வீடு என்பது பேரோடு கட்டியது. வீட்டில் ஒருவர் பேராவது வேலைப் பதிவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காம்பிரா கை மாறும். எங்கள் வீட்டில் இருந்தது என் பேர் மட்டும். ஐம்பத்தைந்து ஆனதும் நின்றுவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். இடுப்பு அதற்கு மேல் தாங்காது. அதற்கு இன்னும் ஒரு வருசம்தான் இருந்தது. நான் நின்றால் மருமகள் பேர் பதிய வேண்டும், கூடையைத் தலையில் மாட்ட வேண்டும். அவளுக்கு அது வேண்டாம். வங்கியில் சேர ஒரு பரீட்சை எழுதினாள். மற்றப் பகுதிகள் சரியாக இருந்தும் இங்கிலீசில் கவிழ்ந்தாள். இன்னொரு தடவை எழுதலாம், அதோடு வயது எல்லை தாண்டிவிடும். இதை லயத்தில் எல்லோரும் அறிவார்கள். சுவர் அப்படி.

முதல் தடவை அவள் படித்தது பட்டியல். இடது பக்கம் இங்கிலீசு மரபுத்தொடர், வலது பக்கம் அர்த்தம், நூறு நூறாக. அடுப்படியில் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். பரீட்சையில் என்ன நடந்தது என்று பிறகு சொன்னாள். 'டேர்ன்' என்று தொடங்கும் தொடர்கள் பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கேட்டும் கேட்காத மாதிரி இருப்பதற்கு ஒன்று, திருந்தி வாழத் தொடங்குவதற்கு ஒன்று, நிலைமையைத் தலைகீழாக்குவதற்கு ஒன்று. தாளில் ஒன்று வந்தபோது மூன்றும் ஒன்றாக வந்து நின்றனவாம்.

அதனால் இரண்டாம் தடவை ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். தனியாக அனுப்ப என் மனைவி சம்மதிக்கவில்லை. நான் துணைக்குப் போனேன். வகுப்புக்கு வெளியே நடையில் உட்கார ஒரு வாங்கு இருந்தது. ஜன்னல் திறந்திருக்கும். உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே எல்லோருடைய பட்டியலையும் கேட்டு வாங்கித் தன் மேசைக்குள் போட்டுப் பூட்டினார்.

"பிள்ளையள், இதைச் சோதினை முடிய வந்து வாங்குங்கோ. இனி ஒரு தொடர் படிச்சால், உங்கட வீட்டில, தெருவில நடந்த ஒரு விசயத்தை அதோட முடிஞ்சு வையுங்கோ. ஆர், எங்க, என்ன நடந்தது எண்டு தெரிய வேணும். சும்மா அர்த்தம் எனக்கு வேண்டாம்."

யாரோ ஒரு பையன், "நடக்காத விசயம்னா டீச்சர்?" என்றான்.

"நடக்கும். காத்திருங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்னொன்றும் சொன்னார். தாளில் ஒரு தொடருக்குக் கீழே கோடு போட்டு நாலு விடை தருவார்கள். அதில் ஒன்று பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் அர்த்தமாக இருக்கும். அதுதான் பொறி. 'அட் தி இலெவன்த் அவர்' என்றால் பதினொரு மணிக்கு என்று ஒரு விடை இருக்கும். அவசரப்பட்டவன் அதில் போய் விழுவான். உண்மையான அர்த்தம், கடைசி நேரத்தில் என்பது. "தெரியாத தொடர் வந்தால் பயப்பிட வேண்டாம். முழு வசனத்தையும் பாருங்கோ. ஆர் ஆருக்கு என்ன செய்யிறான் எண்டு பாருங்கோ. நிலைமை உங்களுக்குச் சொல்லும்."

எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை. வாங்கில் இருந்தபடி நானும் கேட்டுக்கொண்டேன்.

ரயிலில் திரும்பும்போது அவள் தொடங்குவாள். "மாமா, ஒருத்தர் கிட்ட எவ்வளவு சொன்னாலும் காதுல வாங்காம இருக்காங்க. யாரு?"

"கூரைத் தகரம்" என்றேன். ஓட்டைத் தகரத்தை மாற்றச் சொல்லி ஒப்பீசுக்கு எத்தனையோ தடவை நடந்தாயிற்று.

"அதேதான். டேர்ன் எ டெஃப் இயர். இனி மழை பெஞ்சா ஞாபகம் வரும்."

'வைட் எலிஃபன்ட்' என்பது முதலில் குழப்பியது. வெள்ளை யானை என்றால் எங்கள் பக்கம் புனிதமானது, அதிர்ஷ்டம். அவளும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். டீச்சர் திருத்தினார். வைத்திருக்கச் செலவு, பிரயோசனம் இல்லை, விட்டுத் தொலைக்கவும் முடியாது, அப்படிப்பட்ட பொருளுக்குத்தான் இங்கிலீசுக்காரன் அதைச் சொல்கிறானாம். அன்றைக்கு ரயிலைவிட்டு இறங்கித் தோட்டத்துப் பாதையில் ஏறும்போது, ரிபன் வெட்டித் திறந்துவிட்டு டாக்டரே வராமல் கிடக்கும் வைத்திய நிலையக் கட்டடத்தைக் கண்டோம். அதற்குப் பெயின்ட் மட்டும் வருசம் தவறாமல் அடிக்கிறார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

ஒரு கூட்டம் சொற்களைக் குறிக்கும் ஒற்றைச் சொல் என்பது வேறு பகுதி. நாட்டை விட்டுப் போய் வேறு நாட்டில் குடியேறுகிறவன் எமிக்ரன்ட். வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவன் இமிக்ரன்ட். இரண்டையும் அவள் மாற்றி மாற்றிப் போட்டாள். டீச்சர் கேட்டார்: "உங்கட ஆக்கள் இந்தியாவில கப்பல் ஏறேக்க, கரையில நிண்டு பார்த்தவனுக்கு அவை ஆர்? இஞ்ச வந்து இறங்கேக்க, இந்தக் கரையில நிண்டவனுக்கு அவை ஆர்? ஆள் ஒண்டுதான். நீங்கள் எந்தக் கரையில நிக்கிறியள் எண்டதுதான் கேள்வி." அதற்குப் பிறகு அவளுக்கு அது பிசகவில்லை. எனக்குத்தான் மனம் என்னவோ செய்தது. கொழுந்தை வாட்டும் தட்டில் பரப்பிக்கொண்டே, நான் எந்தக் கரையிலும் நிற்காதவன், இந்தத் தோட்டத்தின் எல்லைக் கல்லைக்கூட ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாண்டுகிறவன் என்று நினைத்தேன்.

வீட்டில் அவள் சத்தமாகத்தான் படிப்பாள். வசனம் அமைத்துச் சொல்லிப் பார்ப்பாள். நிலைமைக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? லயத்தில் பத்து வீடு இருக்கிறது. கடைசி வீட்டுப் பெரியவர் குடிக்காதவர், அவர் டீடோட்டலர். பக்கத்து வீட்டு அக்கா ஓயாமல் பேசுவார், அவர் சாட்டர்பொக்ஸ். சாவு வீட்டில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுத, பத்து வருசம் அண்ணனை எட்டிப் பார்க்காத தம்பிக்காரன் 'க்ரோகொடைல் டியர்ஸ்'. தலைவர் ஒரு சங்கத்தை விட்டு எதிர்ச் சங்கத்துக்குப் போய், மறுபடி வந்து, மறுபடி போனவர். அவர் டேர்ன்கோட்.

இங்கிலீசுதானே, யாருக்கு விளங்கப் போகிறது என்று அவள் நினைத்தாள். ஆனால் ஆட்களை அவள் தமிழில்தான் சொன்னாள். தலைவர் என்றால் தலைவர்தான். பெரியவர்கள் காதில் விழுந்தது விழுந்ததோடு போய்விட்டது. பிள்ளைகள் விடவில்லை. பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது அதுகளுக்கு ஒரு விளையாட்டு வந்துவிட்டது. ஒன்று "தலைவர்!" என்று கத்தும். மற்றதுகள் "டேர்ன்கோட்!" என்று கத்தும். நானும் அதைக் கேட்டேன். அதுகளை அதட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

தலைவர் ஒப்பீசுக் கிளாக்கரிடம் போய் அர்த்தம் கேட்டிருக்கிறார். அவரும் சொல்லியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கூட்டம் என்று சொல்லியனுப்பினார்கள். எங்கள் தோட்டத்தில் வழக்கு எதுவானாலும் அங்கேதான் பேசுவது.

மருமகள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பரீட்சைக்கு இன்னும் ஆறேழு வாரம்தான் இருந்தது.

"ஏம்மா, எனக்கு இங்கிலீசுல என்னமோ பேரு வச்சிருக்கியாமே" என்றார் தலைவர். சத்தம் போடவில்லை.

"பேரு இல்லீங்க. பரீட்சைக்குப் படிக்கிற சொல்லுங்க. ஆளோட சேத்துப் படிச்சாத்தான் மனசுல நிக்குதுன்னு டீச்சர் சொன்னாங்க. எல்லாருக்கும் ஒன்னு இருக்குங்க."

அங்கேதான் கூட்டம் திசை மாறியது. கடைசி வீட்டுப் பெரியவர் முன்னால் வந்தார். "அப்ப எனக்கு என்ன தாயி?"

"டீடோட்டலர்ங்க. ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர்."

பெரியவர் நெஞ்சை நிமிர்த்தினார். "கேட்டுக்கங்கடா. இங்கிலீசுலயே இருக்கு."

"தீபாவளி அன்னிக்கு மட்டும் தமிழுக்கு மாறிருவாரு" என்றார் அவர் சம்சாரம்.

சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், "எனக்கு?"

"சாட்டர்பொக்ஸ்ங்கக்கா. நெறையப் பேசுறவங்க."

"நானா? நானா நெறையப் பேசுறேன்? நீங்களே சொல்லுங்கண்ணே, காலையில ஏந்திரிச்சா பிள்ளைகள அனுப்பவே நேரம் சரியா இருக்கு, அதுக்கப்புறம் பெரட்டுக்கு ஓடணும், மலையில பேச எங்க நேரம், பேசினா மேல நிக்கிற கண்டாக்கையா விடுவாரா, நேத்துக்கூட..." என்று போய்க்கொண்டே இருந்தவர், கூட்டம் குலுங்குவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் காத்திருந்தார். "ம். இப்ப எனக்கு."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"ஒரு பக்கத்துல இருந்துட்டு எதிர்ப் பக்கத்துக்குப் போயிர்றவங்களச் சொல்றதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பூசைக்கு ஏற்றிய சூடத்தின் வாசம் மட்டும் இருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எத்தன தடவ போனா அந்தப் பேரு தருவாங்க?"

அதற்கு விழுந்த சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. தலைவர் முகம் கறுத்தது. "நான் போனேன்தான். யாருக்காகப் போனேன்? இந்தா, மேல் லயத்துக்குப் புதுத் தகரம் வந்துச்சே, அது யாரு கொண்டாந்தது? ஒரே எடத்துல ஒக்காந்திருந்தா வந்திருக்குமா?" என்றார். அதுவும் உண்மைதான். மேல் லயத்துக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்க வீட்டுல ஒரு பேருதான் இருக்கு. அதுவும் லேசு வேலை. நான் வாங்கிக் குடுத்தது. காம்பிரா இல்லாம எத்தன கலியாணமான புள்ளைக நிக்குதுன்னு தெரியுமில்ல? இந்தப் பொண்ணு பேர இந்த மாசமே பதிஞ்சிருங்க. இல்லாட்டி காம்பிரா விசயத்தத் தோட்டத்துத் துரைகிட்ட நான் பேச வேண்டி வரும்."

நான் ஏதாவது சொல்வேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பரீட்சை முடியட்டும் என்ற இரண்டு சொல் உள்ளே நின்றது, வெளியே வரவில்லை. மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"பதியிறேங்க" என்றாள் மருமகள்.

அடுத்த வாரம் அவள் பெரட்டில் நின்றாள். காலையில் பேர் கூப்பிட்டு மலை பிரிக்கும் அந்த வரிசையில் அவள் நிற்பதை ஃபெக்டரி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கூடைக் கயிற்றை நெற்றியில் வைக்கத் தெரியாமல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். மாடியில் விசிறிகள் சுழலும் சத்தத்தில் மற்றது எதுவும் கேட்கவில்லை. அந்த ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கும். கம்பியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ, மேற்பார்வைக்காரர் வந்து, "என்ன பெரியவரே, காத்து வாங்குறீங்களா?" என்றார்.

மாலையில் அவள் கைவிரல்கள் கறுத்து வெடித்திருந்தன. பேனா பிடிக்க எரிகிறது என்றாள். படிப்பு முடிந்தது என்றே நான் நினைத்தேன். ஆனால் மலையில் வேறொன்று நடந்தது. பக்கத்து வீட்டு அக்கா சாட்டர்பொக்ஸ் என்ற பேரைப் பட்டம் கிடைத்த மாதிரி நிரைக்கு நிரை சொல்லிக்கொண்டு திரிந்தார். மற்றப் பெண்களுக்கும் ஆசை வந்தது. கொழுந்து பறித்துக்கொண்டே ஆளுக்கொரு கதை சொல்லி, "இதுக்கு இங்கிலீசுல என்ன?" என்று கேட்கத் தொடங்கினார்கள். புருசன் காசைக் கரைக்கிறவன் என்றால் ஸ்பெண்ட்த்ரிஃப்ட். இரண்டு பேர் பழைய சண்டையை மறந்து ராசியானால் 'பெரி த ஹெச்சட்', கைக்கோடாலியைப் புதைப்பது. "எங்க நாத்தனா கூட நான் பொதைக்கவே மாட்டேன், அதுக்கு என்ன சொல்லு இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாளாம். இதையெல்லாம் ரயிலில் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். ஹட்டனில் எழுப்ப வேண்டியிருந்தது.

பரீட்சை கண்டியில், ஒரு சனிக்கிழமை. நான்தான் கூட்டிப் போனேன். மதில் ஓரமாக மற்றத் தகப்பன்மாரோடு நின்றேன். வெளியே வந்ததும் அவள் கணக்கைப் பற்றியோ பொது அறிவைப் பற்றியோ பேசவில்லை.

"மாமா, ஒரு தொடர் நான் கேள்விப்பட்டதே இல்ல. முழு வசனத்தையும் படிச்சேன். ஒருத்தன் தப்புப் பண்றான், மேலதிகாரி பாத்தும் பாக்காத மாதிரி இருக்காரு. 'டேர்ன் எ ப்ளைன்ட் ஐ'. நம்ம கூரைத் தகரம் ஞாபகம் வந்துச்சு. அது காது, இது கண்ணு. நாலுல ஒன்னு, கண்ணு தெரியாதவனா ஆயிர்றதுன்னு இருந்துச்சு. அத விட்டுட்டேன்."

"அது பொறி" என்றேன்.

"ஆமாங்க மாமா" என்றாள்.

முடிவு வர மழைக்காலம் முடிந்துவிட்டது. ஃபோனில்தான் பார்த்தாள். தேறியிருந்தாள். பிறகு நேர்முகம், அதிலும் எடுத்தார்கள். கொழும்புப் பக்கம் ஒரு கிளையில் வந்து சேரச் சொல்லியிருந்தது. மனைவி அழுதுகொண்டே கேசரி கிண்டினாள். மருமகள் மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் போனா என் பேர வெட்டணும். அடுத்த வருசம் நீங்களும் நின்னுருவீங்க. காம்பிரா போயிரும். அத்தைய வச்சுக்கிட்டு எங்க போவீங்க? அங்க கடை மாடியில நாலு பேரு படுக்க முடியாது" என்றாள். "நான் எழுதிப் போட்டுர்றேன் மாமா, வரலைன்னு."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டு அக்காவே பேசாமல் இருந்தார்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. மருமக பாஸாமே."

"ஆமாங்க."

"இங்கிலீசுலயும்?"

"அதுலதாங்க மார்க்கு கூட."

அவர் ரேடியோவைக் குறைத்தார். "நான் குடுத்த சொல்லு வந்துச்சாமா தாளுல?"

"கேக்கலீங்க."

"சரி, என்ன விசயம்?"

வழியில் சொல்லிப் பார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. வேறு வந்தது. "நான் அம்பத்தஞ்சுல நிக்கலீங்க. அறுபது வரைக்கும் இருக்கேன். லேசு வேலை வேணாம், மலைக்கே போடுங்க, புல்லு வெட்டுறேன், தண்ணிக் கான் வெட்டுறேன். அவ பேர மட்டும் வெட்டிருங்க. காம்பிராவத் தொடாதீங்க."

என் வாழ்நாளில் ஒருவரிடம் ஒரேயடியாக நான் இவ்வளவு பேசியதில்லை. அவர் என் இடுப்பைப் பார்த்தார்.

"முடியுமாண்ணே?"

"முடியணுங்க."

அவர் ரேடியோவை நிறுத்தினார். பிறகு, "திங்கக்கெழம ஒப்பீசுக்கு வாங்க. நான் பேசுறேன். மலை வேணாம், ஃபெக்டரியிலயே இருங்க" என்றார். எழுந்து உள்ளே போகப் போனவர் திரும்பினார். "அந்தப் புள்ளைய போறதுக்கு முன்னால ஒருக்கா வரச் சொல்லுங்க. என் கையால ஒரு டீ குடிச்சிட்டுப் போகட்டும்."

திங்கட்கிழமை அவள் பேரை வெட்டினார்கள். என் பேருக்குப் பக்கத்தில் கிளாக்கர் சிவப்புப் பேனாவால் அறுபது வரை என்று எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். இன்னும் ஆறு வருசம். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது எங்கள் மலை எப்போதும் போல இருந்தது, நாலு பக்கமும் ஏறிப்போய் மூடிக்கொண்டு. இடுப்பு அப்போதே வலிக்கத் தொடங்கியது போல ஒரு நினைப்பு. கையெழுத்துப் போட்டதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அன்று இரவு சோறு இறங்கவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

இன்று காலை ரயிலில் அவள் போனாள். மகன் வந்து கூட்டிப் போனான். லயமே ஸ்டேசனுக்கு வந்தது. நாளைக்கு எனக்கு வேலை. வேறு யாரும் இல்லாத வீட்டில் மனைவி தூங்கிவிட்டாள், நான் இதை எழுதி முடித்தேன்.

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.